படிநிலை வாடகையும் நிகழ்கால மதிப்பும்

நுழையும்முன்

கடை, அலுவலகம், கிடங்கு ஆகியவற்றை நீண்ட காலத்திற்கு வாடகைக்கு எடுப்போர்முன் இருவகை வாடகைத் திட்டங்கள் வைக்கப்படுவதுண்டு. ஒன்றில் வாடகை இறுதிவரை மாறாது. மற்றொன்றில் குறைவாகத் தொடங்கிக் குறித்த காலந்தோறும் உயரும். இவற்றுள் எது மலிவானது என்பதை வெறும் கூட்டலால் அறிய இயலாது. அதனை அறியும் முறையையும், அம்முறையின் எல்லையையும் இப்பாடம் விளக்குகிறது.

கிண்டியில் ஒரு நெடுங்குத்தகை

சென்னை கிண்டியில் ஏறத்தாழ 160 ஏக்கர் அரசு நிலம், குதிரைப் பந்தயத்திற்காக 1945 முதல் 99 ஆண்டுகளுக்கு மெட்ராஸ் ரேஸ் கிளப்பிற்குக் குத்தகைக்கு விடப்பட்டது. ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 அணா. அன்று அது நகரின் விளிம்பில் இருந்த நிலம். பின்னர் நகரம் கிண்டியைக் கடந்து தெற்கே பரவியது. நிலத்தின் மதிப்பு பன்மடங்கு உயர்ந்தது. ஆவணத்தில் எழுதப்பட்ட தொகையோ அணாக் கணக்கிலேயே நின்றது. 1970 முதல் வாடகையை உயர்த்த அரசு எடுத்த முயற்சி நீண்ட வழக்காக மாறியது. 730.86 கோடி ரூபாயை நிலுவையாகச் செலுத்துமாறு 2023 மார்ச்சு மாதம் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 செப்டம்பரில் அரசு அக்குத்தகையை நீக்கியது. அதன்மீதும் வழக்குகள் தொடர்ந்தன.

நெடுங்காலத்திற்கு ஒரே வாடகையை எழுதிவைத்தால் என்ன நேரும் என்பதற்கு இந்நிகழ்வு ஒரு சான்று. இன்று கிண்டியிலிருந்து தாம்பரம் நோக்கிச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையின் இருமருங்கிலும் கட்டட உரிமையாளர்கள் மாறா வாடகைக்கு எளிதில் இசையாமைக்குக் காரணமும் இதுவே.

தாம்பரத்தின் வாடகை வழக்கு

தாம்பரம் ஒருகாலத்தில் சென்னைக்கு வெளியே இருந்த ஊர். 1984இல் அங்கே ஏற்றுமதி வளாகம் தொடங்கப்பட்டது. 2021இல் தாம்பரம் மாநகராட்சியானது. 2023 டிசம்பர் இறுதியில் அதற்குத் தெற்கே கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. இத்தகைய ஒவ்வொரு மாற்றமும் அருகிலுள்ள கடைவீதிகளின் மதிப்பை மாற்றக்கூடியது. அடுத்த மாற்றம் எப்போது வரும், எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதை உரிமையாளரும் அறியார், வாடகைதாரரும் அறியார்.

அந்த ஐயத்திற்கு இருவரும் கண்ட நடுவழியே படிநிலை வாடகை. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை 15 விழுக்காடு உயர்வு என்பது வணிகக் கட்டடங்களில் பெரிதும் வழங்கும் முறை. ஆண்டுதோறும் 5 விழுக்காடு உயர்த்துவதும் உண்டு. எந்த ஆண்டில் எவ்வளவு வாடகை என்பது தொடக்கத்திலேயே முடிவாகிவிடுவதால், இடையில் பேரம் பேசும் தேவை இல்லை. படிக்கட்டைப் போல ஒவ்வொரு காலத்திலும் ஒரே மட்டத்தில் நின்று, அடுத்த காலத்தில் ஒரு படி ஏறுவதால் இதற்கு இப்பெயர் பொருந்துகிறது.

கூட்டல் தரும் விடை

மேற்குத் தாம்பரம் முடிச்சூர் சாலையில் ஒருவர் மருந்துக்கடை தொடங்க விரும்புவதாகக் கொள்வோம். கட்டட உரிமையாளர் ஒன்பது ஆண்டுகளுக்கு இரு திட்டங்களை அவர்முன் வைக்கிறார்.

முதல் திட்டம் மாறா வாடகை: ஒன்பது ஆண்டுகளும் மாதம் 57,000 ரூபாய்.

இரண்டாம் திட்டம் படிநிலை வாடகை: முதல் மூன்று ஆண்டுகள் மாதம் 50,000 ரூபாய், மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை முந்தைய வாடகையின்மீது 15 விழுக்காடு உயர்வு. எனவே அடுத்த மூன்று ஆண்டுகள் மாதம் 57,500 ரூபாய். இறுதி மூன்று ஆண்டுகள் மாதம் 66,125 ரூபாய்.

கடைக்காரர் முதலில் கூட்டிப் பார்க்கிறார். மாறா வாடகை ஆண்டுக்கு 6,84,000 ரூபாய். ஒன்பது ஆண்டுகளுக்கு 61,56,000 ரூபாய். படிநிலை வாடகை முதல் மூன்று ஆண்டுகளில் 18,00,000, அடுத்த மூன்றில் 20,70,000, இறுதி மூன்றில் 23,80,500. ஆக 62,50,500 ரூபாய். படிநிலைத் திட்டத்தில் 94,500 ரூபாய் மிகுதியாகச் செல்கிறது. ஆகவே மாறா வாடகையே மலிவு என அவர் முடிவு செய்யக்கூடும்.

இம்முடிவில் ஒரு பிழை உள்ளது. முதலாண்டில் கொடுக்கும் ஒரு ரூபாயையும் ஒன்பதாம் ஆண்டில் கொடுக்கும் ஒரு ரூபாயையும் அவர் சமமாகக் கருதிவிட்டார்.

காலமும் பணமும்

அவ்விரு ரூபாய்களும் சமமல்ல என்பதை ஏலச்சீட்டுக் கட்டிய எவரும் அறிவர். ஒரு லட்சம் ரூபாய்ச் சீட்டைத் தொடக்க மாதங்களில் எடுப்பவர், முழுத்தொகையையும் பெறுவதில்லை. கணிசமான ஒரு பகுதியைத் தள்ளிவிட்டு எஞ்சியதையே பெறுகிறார். பணம் முன்னதாகக் கைக்கு வருவதற்கு அவர் கொடுக்கும் விலை அது. இறுதிவரை காத்திருப்பவர் தள்ளாமல் எடுக்கிறார்.

இதே கருத்தைக் கணக்காக அமைத்தால் நிகழ்கால மதிப்பு கிடைக்கும். ஒருவர் தம் பணத்தைக் கொண்டு ஆண்டுக்கு 10 விழுக்காடு ஈட்ட முடியும் எனில், இன்றைய 100 ரூபாய் ஓராண்டில் 110 ரூபாய் ஆகும். இதனைத் திருப்பிப் பார்த்தால், ஓராண்டு கழித்துக் கொடுக்க வேண்டிய 110 ரூபாய்க்கு இன்று 100 ரூபாயை ஒதுக்கினால் போதும். அவ்வாறே ஓராண்டு கழித்துக் கொடுக்க வேண்டிய 1 ரூபாய்க்கு இன்று ஏறத்தாழ 91 காசும், ஒன்பது ஆண்டுகள் கழித்துக் கொடுக்க வேண்டிய 1 ரூபாய்க்கு ஏறத்தாழ 42 காசும் ஒதுக்கினால் போதும். பின்னாளில் செலுத்த வேண்டிய தொகைக்காக இன்று ஒதுக்க வேண்டிய பணமே அதன் நிகழ்கால மதிப்பு.

PV = R ÷ (1 + r)^n

இதில் R என்பது செலுத்த வேண்டிய தொகை. r என்பது கழிவு வீதம். n என்பது ஆண்டுகளின் எண்ணிக்கை. R ஒரு ரூபாயாக இருக்கும்போது கிடைக்கும் விடையைக் கழிவுக் காரணி என்பர். 10 விழுக்காட்டில் முதல் மூன்று ஆண்டுகளின் காரணிகள் 0.9091, 0.8264, 0.7513. இவற்றின் கூட்டுத்தொகை 2.4868. நான்கு முதல் ஆறாம் ஆண்டுவரையிலான காரணிகளின் கூட்டுத்தொகை 1.8684. ஏழு முதல் ஒன்பதாம் ஆண்டுவரையிலான கூட்டுத்தொகை 1.4038.

ஒவ்வொரு மூன்றாண்டுக் காலத்திலும் வாடகை மாறாமல் இருப்பதால், ஆண்டு வாடகையை அக்காலத்திற்குரிய கூட்டுக் காரணியால் பெருக்கினால் போதும். கணக்கு எளிதாவதற்காக, ஓராண்டின் வாடகை முழுவதும் அவ்வாண்டின் இறுதியில் செலுத்தப்படுவதாகக் கொள்ளப்படுகிறது.

| காலம் | கூட்டுக் காரணி | படிநிலை: ஆண்டு வாடகை (ரூ.) | நிகழ்கால மதிப்பு (ரூ.) |
|---|---|---|---|
| ஆண்டு 1–3 | 2.4868 | 6,00,000 | 14,92,080 |
| ஆண்டு 4–6 | 1.8684 | 6,90,000 | 12,89,196 |
| ஆண்டு 7–9 | 1.4038 | 7,93,500 | 11,13,915 |
| மொத்தம் | 5.7590 | | 38,95,191 |

மாறா வாடகையின் நிகழ்கால மதிப்பு 6,84,000 × 5.7590 = 39,39,156 ரூபாய். படிநிலை வாடகையின் மதிப்பு அதைவிட ஏறத்தாழ 44,000 ரூபாய் குறைவு. கூட்டலில் மிகுதியாகத் தோன்றிய திட்டமே உண்மையில் மலிவானது.

படிநிலை வாடகையை ஒரே எண்ணாகவும் காட்டலாம். 38,95,191ஐ 5.7590ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 6,76,366 ரூபாய், அதாவது மாதம் ஏறத்தாழ 56,364 ரூபாய் கிடைக்கும். ஏறியேறிச் செல்லும் அவ்வாடகை, மாதம் 56,364 ரூபாய் மாறா வாடகைக்கு ஈடானது என்பது இதன் பொருள். இந்த எண், கணக்கைச் சரிபார்க்கவும் உதவும். ஈடான வாடகை எப்போதும் படிகளுள் மிகச் சிறியதற்கும் மிகப் பெரியதற்கும் இடையிலேயே இருக்க வேண்டும். அவ்வாறு இல்லையெனில், எங்கோ ஒரு காரணி தவறாக எழுதப்பட்டுள்ளது.

உண்மையில் வாடகை மாதந்தோறும் செலுத்தப்படுகிறது. அவ்வாறு கணக்கிட்டால் இரு திட்டங்களின் மதிப்பும் ஒரே விகிதத்தில் உயரும். எனவே எது மலிவு என்ற முடிவு மாறாது.

வீதம் மாறினால் விடையும் மாறும்

இக்கணக்கின் உயிர் கழிவு வீதத்தில் உள்ளது. 10 விழுக்காட்டிற்குப் பதிலாக 4 விழுக்காட்டைக் கொண்டால், படிநிலை வாடகை ஏறத்தாழ 21,800 ரூபாய் மிகுதியாகிவிடும். இரண்டிற்கும் இடையில், ஏறத்தாழ 5.6 விழுக்காட்டில், இரு திட்டங்களும் சமமாகின்றன. இதனைச் சமன் வீதம் எனலாம்.

சமன் வீதத்தை அறிந்துகொண்டால், கேள்வி எளிதாகிறது. கடைக்காரர் தம் பணத்தைக் கொண்டு ஆண்டுக்கு 5.6 விழுக்காட்டைவிட மிகுதியாக ஈட்ட முடியுமா என்பதே கேட்க வேண்டியது. அவர் வங்கியில் 12 விழுக்காட்டிற்குக் கடன் வாங்கிக் கடையில் மருந்துகளை நிரப்புகிறார் எனில், முதல் மூன்று ஆண்டுகளில் மாதம் 7,000 ரூபாய் மிச்சமாவது அந்தக் கடனைக் குறைக்கும். அவருக்குரிய வீதம் 12. ஆகவே படிநிலை வாடகை நல்லது. கடன் ஏதுமின்றி, பணத்தைச் சேமிப்புக் கணக்கில் குறைந்த வட்டிக்கு வைத்திருப்பவருக்கு மாறா வாடகையே நல்லது. ஒரே ஆவணம் இருவருக்கு இருவேறு விலையாக அமைகிறது.

எனவே பிறருடைய வீதத்தைக் கடன்வாங்கிக் கணக்கிடுதல் கூடாது. கடன் உள்ளவர்க்கு அவருடைய கடன் வட்டியும், கடன் இல்லாதவர்க்கு அவருடைய பணம் வேறு வழியில் ஈட்டக்கூடிய வட்டியும் உரிய வீதங்களாகும்.

இருவருக்கும் ஆதாயம்

ஒருவருக்கு ஆதாயமானது மற்றவருக்கு இழப்பாகத்தானே இருக்க வேண்டும் என்ற ஐயம் எழலாம். இருவருக்கும் பணத்தின் விலை ஒன்றாக இருந்தால் அது உண்மை. அவ்வாறு இல்லாதபோது, இருவரும் ஆதாயம் பெறும் இடைவெளி ஒன்று உண்டு.

கட்டட உரிமையாளர் ஓய்வு பெற்றவர் என்றும், வாடகைப் பணத்தை 7 விழுக்காட்டு வட்டிக்கு வைப்பு நிதியில் இடுபவர் என்றும் கொள்வோம். 15 விழுக்காட்டு உயர்வின் சமன் வீதம் 5.6, அவருடைய 7 அதற்கு மேற்பட்டது. ஆகவே அவருக்குப் படிநிலைத் திட்டம் இழப்பு. உயர்வை 16 விழுக்காடாக மாற்றினால் வாடகை 50,000, 58,000, 67,280 என அமையும். சமன் வீதம் ஏறத்தாழ 8.7 விழுக்காடாக உயரும். இப்போது உரிமையாளரின் 7 அதற்குக் கீழும், கடைக்காரரின் 12 அதற்கு மேலும் நிற்கின்றன. மாறா வாடகையோடு ஒப்பிடும்போது, உரிமையாளருக்கு அவருடைய வீதப்படி ஏறத்தாழ 21,000 ரூபாய் மிகுதி. கடைக்காரருக்கு அவருடைய வீதப்படி ஏறத்தாழ 31,000 ரூபாய் மிச்சம்.

இந்த ஆதாயம் எங்கிருந்து வந்தது? தொடக்க ஆண்டுகளில் உரிமையாளர் குறைந்த வாடகை பெறுவதன் மூலம் கடைக்காரருக்கு ஒருவகையில் கடன் கொடுக்கிறார். வங்கி தரும் வட்டியைவிட மிகுதியாக அவர் பெறுகிறார். வங்கியிடம் கொடுக்க வேண்டியதைவிடக் குறைவாகக் கடைக்காரர் கொடுக்கிறார். படிநிலை வாடகை என்பது வாடகைக்குள் மறைந்திருக்கும் ஒரு கடன். ஒரே ஒரு விழுக்காட்டு மாற்றம் முடிவைத் திருப்பிவிடுவதால், உயர்வு வீதத்தின்மீது நடக்கும் பேரம் அற்பமானதன்று.

ஆவணத்தில் நோக்க வேண்டியவை

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்பட்ட ஆவணத்தாலேயே செல்லும் என்பது 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 107ஆம் பிரிவு. கணக்கு எவ்வளவு சரியாக இருப்பினும், ஆவணத்தின் சொற்கள் அதனோடு பொருந்தாவிடில் பயனில்லை. மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது, உயர்வு எதன்மீது என்பது. ‘முந்தைய வாடகையின்மீது 15 விழுக்காடு’ எனில் இறுதிப்படி 66,125 ரூபாய். ‘தொடக்க வாடகையின்மீது’ எனில் அது 65,000 ரூபாயே. மாதம் 1,125 ரூபாய் வீதம் மூன்றாண்டுகளில் 40,500 ரூபாய் வேறுபாடு. ‘மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை 15 விழுக்காடு உயரும்’ என்று மட்டும் எழுதிவிட்டால், ஏழாம் ஆண்டில் வழக்கு எழ இடமுண்டு. ஒவ்வொரு காலத்திற்குமுரிய வாடகையை ரூபாயிலேயே அட்டவணையாக எழுதிவிடுவது ஐயத்தை நீக்கும்.

இரண்டாவது, முன்பணம். பத்து மாத வாடகை முன்பணம் எனில், மாறா வாடகைத் திட்டத்தில் 5,70,000 ரூபாயும், படிநிலைத் திட்டத்தில் 5,00,000 ரூபாயும் கொடுக்க வேண்டும். ஒன்பது ஆண்டுகள் கழித்து அத்தொகை வட்டியின்றித் திரும்பும். 10 விழுக்காட்டில், அப்போது திரும்பும் ஒரு ரூபாயின் இன்றைய மதிப்பு 42 காசு மட்டுமே. எஞ்சிய 58 காசு முன்பணத்தின் மறைவான விலை. இரு திட்டங்களுக்கும் இடையிலுள்ள 70,000 ரூபாய் வேறுபாட்டின் விலை ஏறத்தாழ 40,300 ரூபாய். வாடகையில் கண்ட 44,000 ரூபாய் மிச்சத்திற்கு ஏறக்குறைய ஈடான இத்தொகையைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஒவ்வொரு படியிலும் முன்பணத்தையும் உயர்த்த வேண்டும் என்று ஆவணம் கூறினால் அதனையும் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, இடையில் விலகும் உரிமை. கடை நடக்காமல் ஐந்தாம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டால், படிநிலைத் திட்டத்தில் இருந்தவர் முதல் மூன்று ஆண்டுகளின் குறைந்த வாடகையை முழுவதும் துய்த்துவிட்டு, உயர்ந்த படிகளை ஏறாமலே விலகிவிடுவார். கொடுக்கப்பட்ட மறைமுகக் கடன் திரும்பாது. இதனால்தான் படிநிலை வாடகைக்கு இசையும் உரிமையாளர்கள், குறித்த காலத்திற்குமுன் வாடகைதாரர் விலகக் கூடாது என்னும் விதியை வற்புறுத்துகின்றனர். தொழில் நிலைக்குமா என்ற ஐயம் உள்ளவருக்கு, அவ்விதியின் நீளம் வாடகைத் தொகையளவிற்கு முதன்மையானது.

கணக்கின் எல்லை

மீண்டும் கிண்டிக் குத்தகையை நோக்கலாம். 614 ரூபாய் 13 அணா வீதம் 99 ஆண்டுகளுக்கு மொத்த வாடகை ஏறத்தாழ 60,866 ரூபாய். 6 விழுக்காட்டுக் கழிவு வீதத்தில் அதன் தொடக்ககால மதிப்பு ஏறத்தாழ 10,200 ரூபாய் மட்டுமே. அதிலும் இறுதி 49 ஆண்டுகளின் வாடகை அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 525 ரூபாய்தான். ஓராண்டு வாடகைக்கும் குறைவு. ஒப்பமிட்ட நாளில் நோக்கினால், அரை நூற்றாண்டுக்குப் பின் வரும் வாடகை எவ்வளவாக இருந்தாலும் பொருட்டாகத் தோன்றியிராது. அந்நாள் வரும்போது உயிரோடிருப்பவர்களுக்கோ அது முழு வாடகை.

படிநிலை வாடகையாக எழுதியிருந்தால் இடர் தீர்ந்திருக்குமா? மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை 15 விழுக்காடு உயர்த்தியிருந்தாலும், 99ஆம் ஆண்டின் வாடகை ஏறத்தாழ 54,000 ரூபாயாகவே இருக்கும். முடிச்சூர் சாலை மருந்துக்கடையின் ஒருமாத வாடகைக்கும் அது போதாது. எழுதிவைத்த விழுக்காடு என்பது எதிர்காலம் பற்றிய ஓர் ஊகமே. ஒன்பது ஆண்டுகளுக்கு அவ்வூகம் தாங்கும்; தொண்ணூற்றொன்பது ஆண்டுகளுக்குத் தாங்காது.

எனவே பத்தாண்டு அளவிலான குத்தகைகளில் படிநிலை வாடகையை நிகழ்கால மதிப்பால் ஒப்பிட்டுத் தேரலாம். அதனினும் மிக நீண்ட குத்தகைகளில், குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை சந்தை மதிப்பின்படி வாடகையைப் புதிதாக வரையறுக்கும் விதியும், அம்மதிப்பை யார், எவ்வாறு கணிப்பது என்னும் விளக்கமும் ஆவணத்திலேயே இடம்பெற வேண்டும்.